இருபத்தைந்தே முக்கால் சதவீதம்

ஒரு திட்ட அறிக்கையில் லாபம் அழகாக இருந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நாமக்கல்லில் வங்கிக் கடன் பிரிவில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படி ஆகிவிடும்.

மோகனூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் கோழிப்பண்ணை கட்டக் கடன் கேட்டு வந்தார். கணவர் இறந்து நான்கு மாதம். அறிக்கையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தயாரித்தவர் அந்தக் கணவர்தான். இருவரும் குத்தகைக்கு நடத்தி வந்த பண்ணையை உரிமையாளர் தை மாதத்தோடு திருப்பிக் கேட்டிருந்தார். சொந்தமாகக் கட்டாவிட்டால் இந்த அம்மாவுக்குப் பிழைப்பே இல்லை.

முதலீடு ஒரு கோடி. அடுத்த ஐந்து ஆண்டுகளும், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் முப்பது லட்சம் வரவு. ஐ.ஆர்.ஆர்., அதாவது போட்ட பணம் ஆண்டுக்கு ஈட்டும் விகிதம், இருபத்தைந்தே முக்கால் சதவீதம் என்று எழுதியிருந்தது. எங்கள் கடன் குழு கேட்பது குறைந்தது பதினெட்டு. தாராளமாகத் தேறும்.

அந்த விகிதம் சரியென்றால், ஐந்து வரவுகளையும் அதைக் கொண்டே இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும்போது சரியாக ஒரு கோடி வர வேண்டும். எண்பது லட்சம்கூட வரவில்லை. மறுபடி போட்டேன். அதே தொகை. விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பதினைந்தைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ஒரு கோடி நின்றது. பதினெட்டுக்குக் கிட்டக்கூட இல்லை.

இருபத்தைந்தே முக்கால் எங்கிருந்து வந்தது? முதல் ஆண்டு வரவை முதலீட்டிலேயே கழித்து, எழுபது லட்சம்தான் போட்டதாக வைத்து, மிச்ச நான்கு ஆண்டு வரவையும் ஒவ்வோர் ஆண்டு முன்னுக்கு இழுத்தால் கிட்டத்தட்ட அதே எண். அதாவது, ஆண்டு முடிவில் வர வேண்டிய பணம் தொடக்க நாளிலேயே கைக்கு வந்துவிடுவதாகக் கணக்கு.

அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை விரலால் தொட்டார்.

"குத்தகைப் பண்ணையில முட்டை வெக்கிற கோழியோடதானுங்க எடுத்தோம். எடுத்த அன்னைக்கே காசு. அந்தப் பழக்கத்துல அவரு போட்டுட்டாருங்க. புதுசுன்னா குஞ்சு விட்டு அஞ்சு மாசம் முட்டையே வராது, தீனிச் செலவுதானுங்களே."

"கொஞ்சம் சின்னதாகக் கட்டிப் பார்க்கலாமா அம்மா? புதிதாகக் கணக்குப் போடலாம்" என்றேன். அதிலும் தேறும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. சும்மா இருக்க முடியாமல்தான் கேட்டேன்.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"கடைசி வாரம் வலி தாங்கமுடியாம இருந்தாருங்க. இந்தக் கணக்கு முடிஞ்ச அன்னைக்குத்தான் சிரிச்சாரு. நான் போனாலும் நீ பொழச்சுக்குவேன்னாரு" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அப்ப அவரு இல்லாத காசை நம்பித்தான் நிம்மதியாப் போனாருங்களா?"

கூட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.