இரண்டு நாற்பத்தேழுக்கு வந்த தகவல்

சிவசங்கரியின் பெயரை எங்கள் ஷோரூமில் இப்போது யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் மேனேஜர் கோபிகிருஷ்ணன் முகத்தைச் சுளிக்கிறார். அவர் முகம் எப்படிப் போனால் எனக்கென்ன. என் பெயர் சம்பத். திருப்பதியில், ரேணிகுண்டா சாலையில் இருக்கும் அந்த ஷோரூமில் ஒன்பது வருடமாக இன்சூரன்ஸ் மேஜை என்னுடையது. அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். சொல்வதற்குத் தகுதி கம்மியான ஆள் நான்தான், அதையும் கடைசியில் சொல்கிறேன்.

அவள் சித்தூருக்குத் தெற்கே குடிபாலா பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. அப்பா மாந்தோப்புகளில் கூலிக்குப் போனவர். அவள் சித்தூரில் பி.காம். முடித்துவிட்டு எங்களிடம் டெலிவரி பிரிவில் சேர்ந்தாள். விற்ற வண்டியைத் துடைத்து, மாலை போட்டு, வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்து, எந்தப் பட்டன் எதற்கு என்று விளக்குவது அவள் வேலை. மற்றவர்கள் இதைப் பத்து நிமிடத்தில் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாங்கியவரையே ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்வாள். தப்பாக அழுத்தினால் சிரிக்க மாட்டாள். ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம். மேனேஜருக்கு அது பிடிக்காது. ஆனாலும், "அந்தத் தமிழ்ப் பொண்ணே வண்டி குடுக்கட்டும்" என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

அப்படிக் கேட்டு வந்தவர்தான் ரங்கையா. அவரும் குடிபாலாக்காரர். மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. அவர் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. அவர்கள் தெருவில் முதல் கார் இவருடையதுதான். பட்டன் அழுத்தினால் ஓடும், சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் தொட்டால் திறக்கும் உயர்ந்த மாடல்தான் வேண்டும் என்று அவர் மனைவி லட்சுமம்மா பிடிவாதமாக இருந்தாராம்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். லோன் பேப்பர் வந்து சேரவே பத்து மணி ஆகிவிட்டது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் நான்கையும் சக்கரத்துக்கடியில் வைத்துவிட்டு, பத்தரைக்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

சிவசங்கரிக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். அதில் பெரிய சிக்கல் ஆப். அந்த வண்டிக்குள் ஒரு சிம் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, பூட்டியிருக்கிறதா, யாராவது திறந்தார்களா என்பதையெல்லாம் அது ஃபோனுக்கு அனுப்பும். முதல் வருடம் இலவசம், பிறகு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். டெலிவரி அன்றே ஆப் இயங்கினால்தான் எங்கள் கிளைக்கு கம்பெனி மதிப்பெண் போடும். ரங்கையாவின் ஃபோனில் கல்யாண வீடியோக்கள் நிரம்பி, ஆப் இறங்க இடமில்லை. அவள் தன் நம்பரைப் போட்டு ஓடிபி வாங்கி இயக்கிவிட்டாள். நாளைக்கு அவர் நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், அது நடக்கவே இல்லை. இது அவள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. டெலிவரியில் எல்லோரும் செய்வதுதான், மேனேஜருக்கும் தெரியும். அவள் ஃபோனில் அப்படி ஏற்கெனவே ஐந்து வண்டிகள் இருந்தன. அவை நாள் முழுக்கக் கத்துகின்றன என்று அந்த ஆப்பின் சத்தத்தை அவள் நிறுத்தி வைத்திருந்தாள்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் விடுபட்டது. இந்த மாதிரிச் சாவி சும்மா கிடந்தாலும் வண்டியின் கூப்பிடலுக்குப் பதில் சொல்லும். அதை வாசலோரம் வைக்கக்கூடாது. மூடிய இரும்பு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. சாவியை எடுக்காமல் கதவு திறக்கும் வசதியே வேண்டாமென்றால் வண்டித் திரையில் நிறுத்திவிடலாம். ஒன்றையும் அவள் சொல்லவில்லை. படிவத்தில் "விளக்கப்பட்டது" என்று பதினெட்டு இடத்தில் டிக் அடித்தாள். ரங்கையா பதினெட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். வண்டி பத்து இருபத்தெட்டுக்கு கேட்டைத் தாண்டியது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான்.

லட்சுமம்மா இரண்டு சாவிக்கும் குங்குமம் வைத்து, முன்னறைச் சுவரில் சாமி படங்களுக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது? அந்தச் சுவருக்கு வெளியே தெரு. அங்கேதான் வண்டி நின்றது.

பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் வண்டி இல்லை. கண்ணாடித் தூள்கூடக் கீழே கிடக்கவில்லை. சாவி இரண்டும் படத்துக்குக் கீழே அப்படியே இருந்தன.

போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு ரங்கையா நேராக எங்களிடம் வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, சிவசங்கரி எழுந்து போனதைப் பார்த்தேன். அரை மணி கழித்து ஸ்டோர் ரூமில் என்னைக் கூப்பிட்டு ஃபோனை நீட்டினாள். இரவு ஒன்பது இருபதுக்கு வண்டி பூட்டப்பட்டது. இரண்டு நாற்பத்தேழுக்குக் கதவு திறக்கப்பட்டது. அடுத்த நிமிடம் இன்ஜின் ஓடியது. மூன்று பத்தொன்பதுக்குக் காட்பாடி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சிம் இருந்த பெட்டியைப் பிடுங்கியிருப்பார்கள்.

"அர மணி நேரம் அண்ணா," என்றாள். "எனுக்கு வந்து கீது. நான் தூங்கிக்கினு இருந்தேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்போதே போய்ச் சொல், போலீசுக்குக் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. "வாய மூடிக்கினு இரு. உன் நம்பர்னு தெரிஞ்சா வேலையும் போகும், கேசும் வரும். இன்னும் இருவது நாள்ல இலவச வருசம் முடிஞ்சிடும். அப்புறம் அந்தப் பழைய கணக்கு எதுவும் ஆப்ல தெரியாது."

எவ்வளவு பொறுப்பாகச் சொன்னேன் தெரியுமா, கூடப் பிறந்தவளுக்குச் சொல்வதுபோல. இப்போது நினைத்தாலும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினோராம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரர் இஸ்மாயில் வந்தார். வேலூர்க்காரர், மெதுவாகப் பேசுவார். ரங்கையாவையும் வரச்சொல்லியிருந்தார். டெலிவரி அன்று கையெழுத்தான அந்தப் படிவத்தை மேஜையில் விரித்தார்.

"இந்த மாதிரி வண்டியத் திருட ரெண்டு பேர் வருவாங்க," என்று அவரே விளக்கினார். "ஒருத்தன் கையில பெட்டியோட வீட்டுச் செவுத்துகிட்ட நிப்பான். இன்னொருத்தன் வண்டிகிட்ட. வண்டி சாவியக் கூப்புடறத இந்தப் பெட்டி உள்ள கொண்டுபோகும், சாவி சொல்ற பதில வெளிய கொண்டாரும். சாவி பக்கத்துல கீதுன்னு வண்டி நம்பிடும். ஒருதரம் இன்ஜின் ஓடிட்டா, சாவி தூரமாப் போனாலும் நடுவழியில அதுவா நிக்காது. இப்படியும் நடந்திருக்கலாம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா வண்டிய நீங்க பூட்டினீங்கன்னு யாரு சாட்சி?"

"நான் பூட்டினேன் சார்."

"திருட்டு எச்சரிக்கை உங்க ஃபோனுக்கு வரும்னு இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒண்ணும் வரலைன்னு சொல்றீங்க. நான் எத எழுதறது?"

ரங்கையா தன் ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்களே பாருங்க சார். நான் இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்?"

கோபிகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "மா சைடு அன்னி கரெக்ட் சார், எங்க பக்கம் எல்லாம் சரி. கஸ்டமருக்கு எல்லாம் எக்ஸ்பிளெய்ன் பண்ணிட்டோம். அவரு ஆப்ப டிலீட் பண்ணியிருப்பாரு."

முதல் கார் வாங்கின மனிதரை, அந்தக் காரைத் தானே தொலைத்துவிட்டுக் கதை சொல்கிறவராக்கிக்கொண்டிருந்தார்கள். ரங்கையா தலையைக் குனிந்து தன் கையெழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வெளியே தண்ணீர் குடிக்கப் போனவர், திரும்பி வரவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

இஸ்மாயில் பையை எடுக்கும்போது சிவசங்கரி அறைக்குள் வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"சார், அது என் நம்பரு. அவரு ஒண்ணும் டிலீட் பண்ணல. அவரு ஃபோன்ல அது என்னிக்குமே இல்ல. சாவியப் பத்தியும் நான் சொல்லல, சும்மா டிக் போட்டேன்."

கோபிகிருஷ்ணன் தெலுங்கில் அதட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோனை இஸ்மாயில் முன் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது இருபதுக்கு வண்டி பூட்டப்பட்டது என்ற வரியை இஸ்மாயில் இரண்டு முறை படித்தார். "இது போதும்மா அவருக்கு," என்றார். போலீசுக்கும் ஒரு பிரதி போனது. மாலையில் அவளுக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பழக்கத்தை அவள் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு நாங்கள் கையைக் கழுவிக்கொண்டோம்.

மறுநாள் அவள் குடிபாலா போவதாகச் சொன்னாள். யாரும் போகச் சொல்லவில்லை. பணம் வந்தால் ரங்கையாவுக்கு விஷயம் தானாகத் தெரிந்துவிடும். "தெரியறது வேற, நான் சொல்றது வேற," என்றாள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஏதோ துணைக்குப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசலில் வண்டி நின்ற இடம் காலியாகக் கிடந்தது. லட்சுமம்மா நாற்காலி போட்டார், மோர் கொண்டுவந்து வைத்தார். சிவசங்கரி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஃபோனையும் காட்டினாள். ரங்கையா அதை வாங்கி அந்த ஒன்பது இருபதை விரலால் தொட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு. பூட்டினேன்னு எழுதிக்கீது."

லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவரை அவரும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரங்கையா வாசலில் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அன்னிக்குக் காலையிலயே சொல்லியிருந்தா, வண்டி கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கலாம் அண்ணா," என்றாள். "காட்பாடி வரைக்கும் தெரிஞ்சிதே."

"பதினோரு நாளு. ஊரே என்னப் பாத்து சிரிச்சிக்கினு இருந்திச்சி. இது வேற யாருக்குத் தெரியும்?"

நான் மோர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாது அண்ணா. எனுக்கு மட்டும்தான்."

ரங்கையா ஃபோனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "சரிம்மா. நீ போ. இனிமே இந்தப் பக்கம் வராத," என்றார். என்னைப் பார்த்து, "நீ மோரு குடிச்சிட்டுப் போ தம்பி, அந்தப் பொண்ணுக்குத் தொணையா வந்தவன்," என்றார். நான் குடித்தேன்.