சலுகை முடிந்த ஜீவராணி

ஜீவராணியைக் கேம்பஸிலிருந்து துரத்திவிட்டார்களாம். துரத்தவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் பீலிக்கரையில் குடம் பிடிக்கிறவர்களின் காதில் ஏறுவதில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் அதிகம் போலிருக்கிறது. துரத்த நினைத்த பிள்ளையை நாலு வருஷம் படிக்கவைத்து, கடைசிச் சோதனையையும் எழுதவிட்டு, கை குலுக்கி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகா துரத்துவார்கள்? அதோடு விட்டார்களா? கேம்பஸ் அவளுக்கு அபராதம் போட்டதாம், அந்த அபராதத்தை அடுத்த காம்பராவில் குடியிருக்கிற புவனேந்திரனின் பேங்க் கார்டிலிருந்து இழுத்துக்கொண்டதாம். ஒரு கேம்பஸுக்கு இதைவிட வேறு வேலை என்ன இருக்கிறது.

ஜீவராணி நமுனுகுல தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் வரிசை வீட்டு லயத்தில் நல்லையாவுக்கும் பெரியாயிக்கும் ஒரே மகள். பெரியாயி கொழுந்து பறிக்கிறவள். நல்லையா கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை, அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். மகள் கேம்பஸில் படித்துக்கொண்டே லேப்டாப்பில் படம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த லயத்தில் யாரும் பிறந்ததும் வயதுக்கு வந்ததும் கல்யாணம் கட்டியதும் செத்ததும் அவள் செய்த பேனர் இல்லாமல் நடக்கவில்லை. எல்லாம் சும்மாதான். "ஒரு நிமிசம்தானேம்மா, நீ தட்டினா வந்துறப்போகுது" என்பார்கள். தட்டினால் வருமாம்.

தட்டினால் வருவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுக் கம்பனிக்கு மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதிக்கும் குறைந்த விலை. படிக்கிறாய் என்பதற்கு என்ன சாட்சி? கேம்பஸ் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டால் அதற்கு ஓர் இணைப்பு வரும், அதைத் தொட்டால் சாட்சி ஆயிற்று. ஒரு வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் மறுபடி கேட்பார்கள், மறுபடி தொட வேண்டும். ஜீவராணியின் பேங்க் கார்டு வெளிநாட்டுக்குக் காசு கட்டாது. புவனேந்திரன் பண்டாரவளையில் ஹோட்டல் வேலை பார்க்கிறவர், அவருடைய கார்டு கட்டும். அதைக் கொடுத்து வைத்தார். மாதம் தவறாமல் அவள் காசைக் கையில் கொடுத்துவிடுவாள். நல்ல மனுசன். அவர் பெண்சாதி அங்கம்மாவும் நல்லவள்தான், தூங்குகிற நேரத்தில்.

கடைசிச் சோதனை முடிந்தது. பெறுபேறு வரவில்லை, பட்டமளிப்பு விழா எப்போது என்று வைப்பவர்களுக்கே தெரியாது. ஆனால் கேம்பஸ்காரர்கள் ஒரு காரியத்தை மட்டும் சுறுசுறுப்பாகச் செய்தார்கள்: படித்து முடித்தவர்களின் மின்னஞ்சலை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து மென்பொருள்காரன் வருஷாந்தச் சாட்சியைக் கேட்டான். மின்னஞ்சல் இல்லையென்றால் மாணவர் அட்டையைப் படமெடுத்து அனுப்பலாம் என்றான். அனுப்பினாள். பெயர் சரி, கேம்பஸ் பெயர் சரி, ஆனால் அட்டையின் தேதி போன மாதத்தோடு முடிந்திருந்தது. நடப்பு ஆண்டில் படிக்கிறாய் என்று காட்டும் தேதி வேண்டும் என்று திருப்பிவிட்டான். நியாயம்தான், அவள் படிக்கவில்லையே. இனிக் கதவைச் சாத்திவிடுவான், வேறு வழி பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் பிசகினாள்.

அந்த வாரம் அங்கம்மா தன் சின்ன மகளின் சடங்கு பேனருக்கு வந்தாள், உயர்தரம் படிக்கிற பெரிய மகள் துஷாந்தினியையும் கூட்டிக்கொண்டு. ஜீவராணி லேப்டாப்பைத் திறந்ததும் திரையின் உச்சியில் மஞ்சள் பட்டியில் நாலு ஆங்கில வார்த்தை நின்றது.

"என்னடி அது, எழுதியிருக்கு?" என்றாள் அங்கம்மா.

துஷாந்தினிக்கு ஆங்கிலம் படித்துக்காட்ட ஆசை. "ஸ்டூடண்ட்னு உறுதிப்படுத்த முடியலன்னு போட்டிருக்கும்மா."

"யார? நம்ம ஜீவராணியவா?"

"அது சந்தாக்காரன் போடுறது அத்த," என்றாள் ஜீவராணி. "ரோசாப்பூ வேணுமா, தாமர வேணுமா?"

"தாமரையே போடும்மா," என்று அங்கம்மா சொன்னாள். சொன்னது வாய், மனசு அதற்குள் பீலிக்கரைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு முன்பே, பெரியாயியையும் நல்லையாவையும் தவிர எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. அது பத்தாதென்று அதே மாதம் புவனேந்திரனின் போனுக்குப் பேங்க் குறுஞ்செய்தி வந்தது. வழக்கமாகப் போகிறதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது. சாட்சி காட்டாதவனுக்குக் கம்பனி கதவைச் சாத்துவதில்லை; அவ்வளவு முட்டாளா அவன்? சலுகையை எடுத்துவிட்டு முழு விலைக்குச் சந்தாவை ஓடவிடுவான், அவன் கையில்தான் கார்டு இருக்கிறதே. முன்கூட்டியே அறிவித்தும் இருந்தான். எங்கே? மூடிப்போன கேம்பஸ் மின்னஞ்சலுக்கு.

ஜீவராணி அன்றைக்கே கூடுதலாகப் போனதைப் புவனேந்திரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சந்தாவை நிறுத்தினாள். கட்டிய மாதம் முடியும்வரை திறக்கும், அடுத்து காசு எடுக்க மாட்டான் என்று காட்டி, கார்டு விவரத்தையும் அவர் கண்முன்னாலேயே அழித்தாள். "சரி விடும்மா, அவன் எடுத்ததுக்கு நீ என்ன பண்ணுவ," என்றார் மனுசன். அங்கம்மாவுக்கு மட்டும் கணக்கு வேறு மாதிரி ஒட்டியது: ஸ்டூடண்ட் இல்லை என்று எழுத்து, பிறகு பெரிய தொகை. தள்ளிவிட்டு அபராதம் போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு துப்பறிகிறவன் வேண்டுமா?

இந்தக் கூத்து வேறு நேரத்தில் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கொழும்பில் பெட்டி, லேபல் வடிவமைக்கிற ஒரு நிறுவனம் அவள் செய்த வேலைகளைப் பார்த்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பெட்டியும் கட்டியாகிவிட்டது. செய்தி நல்லையாவின் காதுக்கு ஸ்டோரில் வைத்துப் போனது. வீட்டுக்கு வந்தவர் பெட்டியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கேம்பஸ்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலப்பா. படிப்பு முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சதுக்குக் கடதாசி எங்க?"

"ரிசல்ட்டே இன்னும் வரலயேப்பா."

"அப்ப நீ படிக்கிறவளும் இல்ல, படிச்சு முடிச்சவளும் இல்ல. கொழும்புல கேட்டா என்னத்தக் காட்டுவ? திருப்பி அனுப்பினா இந்த லயத்துல எங்க மூஞ்சிய வைக்கிறது?"

பெரியாயி குறுக்கே விழுந்தாள். "ஊரு பேச்சக் கேட்டுப் புள்ளய மடக்காதீங்க."

"நான் மடக்கல. அந்தக் கம்பனிக்காரன் இல்லன்னு சொன்னான்ல, அவன் வாயாலயே ஸ்டூடண்ட்னு சொல்லட்டும். அப்புறம் போகட்டும்."

கேம்பஸ் பேச்சு செல்லாது, மகள் பேச்சு செல்லாது, கண்காணாத தேசத்தில் இருக்கிற சந்தாக்காரன் சொன்னால் செல்லும். நல்லையா நல்ல தகப்பன். அதில் சந்தேகமே இல்லை. நல்ல தகப்பன்மார் இப்படித்தான் பிள்ளையின் கழுத்தில் கல்லைக் கட்டுவார்கள், அக்கறையோடு.

ஜீவராணி லேப்டாப்போடு உட்கார்ந்தாள். கட்டிய மாதம் இன்னும் ஓடுகிறது, மென்பொருள் திறந்தது. மாணவர் அட்டையின் படமும் அதிலேயே கிடந்தது. கல்யாணப் படத்தில் சண்டைபோட்ட மச்சானை அழித்துவிட்டு அந்த இடத்தில் வாழைமரம் வைத்த கை அது. வருஷத்தில் ஓர் எண்ணை மாற்றுவது அதற்கு ஒரு வேலையா? மாற்றி அனுப்பினால் ஸ்டூடண்ட் என்று சொல்லிவிடுவான். அப்பா பெட்டியை இறக்கிவிடுவார், அங்கம்மா வேறு கதைக்குப் போய்விடுவாள். சுட்டியை அந்த எண்ணின் மேலே கொண்டுபோனாள்.

அப்படியே நின்றாள். எதற்காக நாலு வருஷம் படித்தாள்? முடிப்பதற்கு. முடித்தவள், முடிக்கவில்லை என்று பொய் எழுதி, தான் யோக்கியமானவள் என்று நிரூபிக்க வேண்டுமாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. லேப்டாப்பை மூடினாள்.

"அப்பா, அவன் அப்படிச் சொல்லமாட்டான். சொன்னா அது பொய்யிப்பா."

"ஏன் பொய்யி?"

"நான் படிக்கிறப்ப குறைஞ்ச விலைக்குக் குடுத்தான். முடிச்சதும் முழு விலை கேக்குறான். அவ்வளவுதான்."

நல்லையா பீடியைக் கொளுத்தப்போனவர் கொளுத்தவில்லை. அவருக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஜீவராணி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய சலுகை விலை பஸ் சீசன் டிக்கெட்டுக்குப் பள்ளி அதிபரிடம் கையெழுத்து வாங்கி, டிப்போவில் வரிசையில் நின்று எடுத்தவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கையெழுத்து. போன தடவைக் கையெழுத்தைக் காட்டினால் டிப்போக்காரர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். உயர்தரச் சோதனை முடிந்த பிறகு ஒரு நாள் பழைய சீசனோடு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நல்லையாவிடமே முழு டிக்கெட் கேட்டார்.

"சீசன் மாதிரியா?" என்றார்.

"சீசன் மாதிரிதாம்பா."

"அன்னைக்குக் கண்டக்டர் முழு டிக்கெட் கேட்டதுக்கு ஒன்னயப் பள்ளிக்கூடத்துலருந்து தொரத்திட்டாங்கன்னு யாரும் சொல்லலயே."

"அன்னைக்கு அங்கம்மா அத்த பஸ்ஸுல இல்ல," என்றாள் ஜீவராணி.

பெரியாயி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் தேங்காய்ச் சிரட்டை கை தவறி விழுந்தது. நல்லையா சிரிக்கவில்லை. எழுந்து போய் அங்கம்மாவின் வாசலில் நின்றார். அந்த மனுசன் ஒரு வாசலில் போய் நின்றதே அபூர்வம்.

"அங்கம்மா, ஓம் மக சீசனுக்கு அதிபர் கையெழுத்து எப்ப வாங்கின?"

"இந்தத் தவணைக்கு வாங்கினதுதாண்ணே. ஏன்?"

"அவ ஏ.எல். முடிச்சதும் டிப்போவுல சீசன் குடுக்கமாட்டான். அப்ப நீயே பீலிக்கரையில சொல்லு, ஓம் மகளப் பள்ளிக்கூடத்துலருந்து தொரத்திட்டாங்கன்னு. எம் மகளுக்கும் அதுதான் நடந்துச்சு."

உள்ளேயிருந்து துஷாந்தினி, "நான் அப்பவே சொன்னேம்மா," என்றாள். எப்போது சொன்னாள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. மன்னிப்பு ஏதும் வரவில்லை, எதிர்பார்த்தவர்களும் இல்லை. மறுநாள் பெரட்டில் கதை திருந்தித்தான் இருந்தது: கேம்பஸ்காரர்கள் யோசித்துப் பார்த்து ஜீவராணியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். நல்லையா போய்ப் பேசினாராம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்டி கீழே இறங்கியது. பெரியாயி மகளின் நெற்றியில் திருநீறு வைத்தாள், வைத்ததையே இரண்டு தடவை வைத்தாள். அங்கம்மா வாசலுக்கு வந்தாள், கையில் ஒரு பொட்டலம் முறுக்கு.

"கொழும்புக்குப் போனாலும் போன்லயே பேனர் செஞ்சு அனுப்பிறலாம்ல, ஜீவராணி? அடுத்த மாசம் எங்க அண்ணன் வீட்டுல கல்யாணம்."

"செய்யலாம் அத்த. ஆனா இனி முழு விலை."

அங்கம்மா சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. ஜீவராணி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முறுக்கை வாங்கிப் பைக்குள் வைத்தாள். நல்லையா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பதுளை பஸ் வருகிற பாதையைப் பார்த்து முன்னால் நடந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, தலை குனிந்து காம்பராவின் தாழ்ந்த நிலைவாசலைத் தாண்டி, வெளியே இறங்கினாள்.