இரண்டு ரூபாய்க்கு வந்த போன்

என் மனைவிக்கு, கப்பலில் போகவேண்டிய தூரத் தீவு ஒன்றில், கேம்பல் பேயில் நர்ஸ் வேலை. எனக்கு போர்ட் பிளேரில் ஒரு வங்கிக் கிளையில் கார்டு சம்பந்தமான புகார்களைக் கவனிக்கும் வேலை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், அங்கேயே டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நான் தனியாகத்தான் இருந்தேன். விடுமுறையும் கப்பல் டிக்கெட்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். அன்று காலை கூப்பிட்டதும் பயந்துவிட்டேன்.

"ஏங்க, என் அக்கவுண்டுல ரெண்டு ரூபா போயிடுச்சு. யாராவது கார்டைத் திருடியிருப்பாங்களா?"

சினிமா பார்க்கும் ஆப் ஒன்றில் ஒரு மாதம் இலவசம் என்று பார்த்து, டெபிட் கார்டு எண்ணையும் ஓடிபியையும் போட்டிருக்கிறாள். உடனே மெசேஜ் வந்திருக்கிறது. இலவசம் என்றால் ஏன் எடுக்கிறார்கள் என்பது அவள் கேள்வி.

திருட்டு இல்லை என்றேன். அந்த கார்டு உண்மையானதா, இப்போது செல்லுபடியாகிறதா என்று அவர்கள் நம் வங்கியைக் கேட்டுப் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் அந்தச் சின்னத் தொகை. வங்கி சரி சொன்னால் கார்டு நல்ல கார்டு. அதற்குமேல் அந்தப் பணம் அவர்களுக்குத் தேவையில்லை, விட்டுவிடுவார்கள். சில நாளில் கணக்கில் திரும்பச் சேர்ந்துவிடும். ஆனால் மாதம் முடிவதற்குள் நிறுத்தாவிட்டால் முழுச் சந்தா போகும், அதற்கு நீதான் சம்மதம் கொடுத்திருக்கிறாய் என்றும் சொன்னேன்.

கவுண்டரில் இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அன்று பத்து நிமிஷம் ஆனது. எந்த வங்கி யாரைக் கேட்கும், ஏன் ஒரே நாளில் திரும்பாது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முதலிலேயே புரிந்திருக்கும். நானும் அது தெரியாதவன் போல முதலிலிருந்து சொன்னேன். எதிரே ஒரு பெங்காலி வியாபாரி டோக்கனுடன் நின்றார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

கடைசியில் கேட்டேன், திடீரென்று சினிமா எதற்கு என்று.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் அங்க அதையே போடுங்க. ஒரே நேரத்துல பாக்கலாம்."

அந்த ஞாயிறு மாலை, போனையும் வைக்காமல் படத்தைப் போட்டோம். அங்கே நெட் அடிக்கடி நின்றது. அவள் பின்தங்கும்போதெல்லாம் நான் படத்தை நிறுத்திவிட்டு, அவள் வந்து சேரும்வரை ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன். இரண்டு மணி நேரப் படம் மூன்றரை மணி நேரம் ஆனது. கதை எனக்கு இப்போது நினைவில்லை. போனில் அவள் மூச்சு கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு ரூபாய் புதன்கிழமை திரும்பி வந்தது. அதைச் சொல்லவும் வேலை நேரத்தில்தான் கூப்பிட்டாள். மாதக் கடைசியில் சந்தா எடுக்கப்போவதாக முன்கூட்டியே மெசேஜ் வந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டாள்.

இருக்கட்டும் என்றேன். போர்ட் பிளேருக்கு அவளுடைய மாற்றல் உத்தரவு வர இன்னும் ஏழு மாதம் ஆனது.