காளீஸ்வரி நடந்த அரைவட்டம்

காளீஸ்வரியோடு ஒரே அறையில் ஒரு வருஷம் குடியிருந்தவள் நான். பி.எட். விடுதியில் எல்லாரும் உட்கார்ந்து படிப்பார்கள், அவள் மட்டும் நடந்து படிப்பாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் போவாள், வருவாள். தலை சுற்றுகிறது என்று நான் கத்தினால் வராந்தாவுக்குப் போய்விடுவாள். அங்கே நடக்கிற சத்தம் கேட்கும். ஒரு கட்டத்தில் அவள் பக்கமாகவே திரும்புவதில்லை என்று முடிவுசெய்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் என் வேதியியலை முடித்தேன்.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் கரிசல்காட்டு வீடு அவளுடையது. மழை பெய்த மறுநாள் அந்த மண்ணில் கால் வைத்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்த ஊரில் பிறந்துவிட்டு இவள் எப்படி இப்படி ஆனாள் என்று கேலி செய்வேன். நின்னா மண்ணு காலப் பிடிச்சிரும்னுதான் உமாக்கா நிக்காம ஓடுதேன் என்பாள்.

இயற்பியலில் கெட்டிக்காரி. ஆனால் வேலை அவளுக்கு நிலைக்கவில்லை. முதல் பள்ளிக்கூடத்தில் மேடையை விட்டு இறங்கி வகுப்பு முழுக்கச் சுற்றுகிறாள், பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கிறது என்று குறை சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் சூத்திரத்தை மட்டும் எழுதிப்போடு, அது எங்கிருந்து வந்தது என்று கதை அளக்காதே என்றார்கள். அவளே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இதற்குள் கல்யாணம் ஆகி எட்டயபுரத்துக்கு வந்திருந்தாள். வீட்டுக்காரர் சக்திகுமாருக்குத் திருப்பூரில் வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் எத்தனை நாள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார்? அங்கே வீடு பார்த்து, பனியன் கம்பெனி ஒன்றில் அவளுக்குக் கணக்கெழுதும் வேலையும் சொல்லிவைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு பள்ளிக்கூடம், அதுவும் இல்லையென்றால் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த ஒரு பள்ளிக்கூடம் கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். நான்தான் சொல்லி வரவழைத்தேன். மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புக்கு. கடைசி பெஞ்சில் தாளாளர், அவர் பக்கத்தில் இயற்பியல் துறைத் தலைவர் சாமுவேல்ராஜ் சார், ஓரத்தில் நான். வேண்டும் வேண்டாம் என்று சொல்லப்போகிறவர் சார்தான். தாளாளர் ஜவுளிக்கடைக்காரர், சார் தலையாட்டினால் பெரும்பாலும் அவரும் ஆட்டுவார். காலையில் காளீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, தயவுசெய்து மேடையிலேயே நில்லு, கையை மட்டும் ஆட்டு என்று புத்தி சொல்லி அனுப்பினேன். சரிக்கா என்றாள். சொல்லும்போதே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள்.

சார் கொடுத்த தலைப்பு, மின்னோட்டம் பாயும் வில் வடிவக் கம்பியின் மையத்தில் காந்தப்புலம். நான்கு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். அப்போதே நான் தாளாளரைத் திரும்பிப் பார்த்தேன்.

மேடை முன்னால் பெஞ்சுகளை ஒதுக்கச் சொன்னாள். நடுவில் ஒரு நாற்காலி போட்டு பிரிஸ்கில்லா என்ற பிள்ளையை உட்காரவைத்தாள். நாற்காலிக் காலில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு தரையில் ஒரு அரைவட்டம் போட்டாள். பிறகு, நான்தான் மின்னோட்டம் என்று சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேல் நடக்க ஆரம்பித்தாள்.

வலது கை நேரே முன்னால், அவள் போகும் திசையில். இடது கை பிரிஸ்கில்லாவை நோக்கி. ஒரு அடி வைத்து நிற்பாள், இரண்டு கைக்கும் நடுவே என்ன கோணம் என்று கேட்பாள். தொண்ணூறு என்பார்கள். அடுத்த அடி. அப்போதும் தொண்ணூறு. தூரம் கூடியதா? இல்லை, கயிறு அதே கயிறுதானே. அப்படியானால் ஒவ்வொரு சின்னத் துண்டுக் கம்பியும் நடுவில் இருப்பவளுக்கு ஒரே அளவு புலத்தைத்தான் கொடுக்கிறது, எல்லாம் ஒரே திசையில், கூரையை நோக்கி. ஆகவே கூட்டுவதற்குக் கஷ்டமே இல்லை, துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் போதும். நீளம் என்பது ஆரத்தை மையக் கோணத்தால் பெருக்கியது, அந்த மையக் கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். முழுவட்டம் தருவதில் அரைவட்டம் பாதி தரும், கால்வட்டம் கால்வாசி. இதைச் சொல்லி முடித்தபோது அரைவட்டத்தின் மறுமுனையில் நின்றாள். பிள்ளைகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளாளர் மட்டும் காலியாகக் கிடந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோட்டை விட்டு பிரிஸ்கில்லாவை நோக்கி நேராக நடந்தாள். இப்போது இரண்டு கையும் ஒரே பக்கம் நீண்டன. புலம் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. நடுவே கோணமே இல்லை, அதனால் சைனும் சைபர், புலமும் சைபர். எத்தனை அடி நடந்தாலும் சைபர்தான். மையத்தை நோக்கி வருகிற கம்பியும் மையத்திலிருந்து விலகிப் போகிற கம்பியும் அங்கே ஒன்றும் தருவதில்லை என்றாள். அத்தோடு முடித்திருந்தால் நான் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பேன்.

பிரிஸ்கில்லா கையைத் தூக்கினாள். போன மாதத் தேர்வில் அரைவட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் U எழுத்துப்போல இரண்டு நீளமான நேர்க்கம்பிகள் போகிற படம் வந்ததாம். அவள் நேர்க்கம்பிகளையும் சேர்த்துக் கூட்டி எழுதியிருக்கிறாள். தப்பு என்று அடித்திருந்ததாம்.

“வளைவ மட்டும் எடு, நேர்க்கம்பி சைபர்னு சார் சொல்லித் தந்தாங்க மேடம். எது சரி?”

சார் என்றால் எந்த சார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் சாமுவேல்ராஜ் சார் பேனாவை மூடினார். வகுப்புக்கே தெரிந்த அவருடைய குறுக்குவழி அது. நுழைவுத்தேர்வில் வரும் படங்களில் பெரும்பாலும் கம்பி மையத்தை நோக்கித்தான் வரும், அங்கே அது சரியாகவே இருக்கும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, படம் மாறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபமாக வந்தது. பிள்ளைக்குக் கேள்வி கேட்க வேறு நாள் கிடைக்கவில்லையா? காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்லி நழுவிவிடு என்பதுபோல் நான் தலையை மெல்ல ஆட்டினேன். அவள் என் ஜாடையைப் புரிந்துகொண்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிரிஸ்கில்லாவை எழுந்திருக்கச் சொன்னாள்.

“சார், நீங்க வந்து இங்கன நடுவுல உக்காருங்க. நான் நடக்கேன். என் வலது கை உங்களப் பாத்து நீண்டிருந்தா சைபர்னு சொல்லுங்க.”

தாளாளர் என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் சார் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் அரைவட்டத்தின் முனையில் நின்று, வளைவைத் தொட்டபடி நேர்க்கோட்டில் கதவுப்பக்கமாக ஓரடி வைத்தாள். வலது கை முன்னால் கதவை நோக்கி, இடது கை பக்கவாட்டில் சாரை நோக்கி. சைபரா சார் என்றாள். இல்லை என்றார். இன்னொரு அடி. இடது கை கொஞ்சம் பின்னால் திரும்பியது, தூரமும் கூடியது. அவர் யோசித்துவிட்டு, குறையுது, ஆனா சைபர் இல்ல என்றார். கதவு வரை போனாள். வராந்தாவுக்கும் போய்விட்டாள். வெளியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“இப்ப?”

“ரொம்பக் கொஞ்சம்,” என்றார் சார். “ஆனா இருக்கு.”

திரும்பி வந்து கரும்பலகையில் கூட்டிக் காட்டினாள். முடிவில்லாத நேர்க்கம்பி தருவதில் பாதியை ஒரு பக்கம் தருகிறது, மறுபக்கம் இன்னொரு பாதி. இரண்டும் அரைவட்டத்தின் புலம் இருக்கும் அதே திசையில். சேர்த்துப் பார்த்தால் அரைவட்டம் தருவதில் பாதிக்கும் மேலே வருகிறது, விட்டுவிடக்கூடிய தொகையில்லை. அதற்குள் மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே போனார்கள். சார் அந்த நாற்காலியிலேயே இருந்தார். முன்னால் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை நீட்டி, இடது கையை மெல்லப் பின்னால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். 

சேதி சொல்லி அனுப்புகிறோம் என்றார் தாளாளர். அந்தக் குரலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வாசலில் வைத்து அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். பெரிய மனுஷரைப் பிள்ளைகள் முன்னால் உட்காரவைத்து இப்படியா செய்வது, உனக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

“வேணுங்கா. ரொம்ப வேணும்,” என்றாள். “ஆனா அந்தப் பிள்ள எழுதுனது சரிதானக்கா.”

அவளை எட்டயபுரம் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வரை என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமிலத்தையும் காரத்தையும் மாற்றிச் சொல்லி ஒரு வகுப்பையே குழப்பினேன். பள்ளி விட்ட பிறகும் சேதி இல்லை. அவளுக்குப் போன் செய்தால், பெட்டியோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன், திருப்பூர் பஸ் இன்னும் வரவில்லை என்றாள். வாக்குக் கொடுத்தால் அதில் மட்டும் நிலையாக நிற்பாள்.

வண்டியை எடுக்கும்போது சாமுவேல்ராஜ் சார் அலுவலக அறையிலிருந்து வந்தார். இவ்வளவு நேரம் தாளாளரோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பொம்பள ஒரு இடத்துல நிக்காது, வகுப்பு கட்டுக்குள்ள இருக்காது என்றாராம் தாளாளர். மத்தியானமே பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய், தன் விடைதான் தப்பு, பிரிஸ்கில்லா எழுதினது சரி என்று சார் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதையும் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“காளீஸ்வரிய நாளைக்கே சேரச் சொல்லுங்க டீச்சர். அந்த மேடையத் தூக்கிரச் சொல்லிட்டேன். அவியளுக்கு நடக்க எடம் பத்தாது.”

பஸ் ஸ்டாண்டுக்கு நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. போன் செய்திருக்கலாம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திருப்பூர் பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பஸ்ஸின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஏறவும் இல்லை, ஏறாமல் நிற்கவும் இல்லை.

சேதியைச் சொன்னேன். மேடையைத் தூக்கச் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவள் மெல்லக் குனிந்து அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வடிந்தது, துடைக்கவில்லை.

“கால் வலிக்குதுக்கா,” என்றாள்.