மாற்று ஆள் வந்த பிறகு

என்னிடம் வேலை பார்த்த ஒரு கிளார்க்கின் இடமாறுதல் மனுவை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, பரிந்துரை செய்ததாக அவரிடம் பொய்யும் சொன்னேன்.

அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் வங்கிக் கிளை மேலாளராக இருந்தேன். அந்த ஊருக்கு யாரும் விரும்பி வரமாட்டார்கள். எங்களிடம் இருந்த இரண்டு கிளார்க்குகளில் ஒருவர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. மற்றவர்தான் கவுண்டரைத் தாங்கினார். மீனவப் பெண்கள் அவர் இருக்கும் நாள் பார்த்து வருவார்கள். வயது நாற்பதுக்குள். வீடு குடுமியான்மலைப் பக்கம். இங்கே அறை எடுத்துத் தங்கி, வார விடுமுறைக்கு மூன்று பேருந்து மாறி ஊருக்குப் போய் வருவார்.

ஒரு நாள் மாலை அவர் தந்த மனு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தையை நாளுக்கு நான்கு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதுத் தாயால் அது தனியாக முடியவில்லை. நான் ஒரே பிள்ளை. அன்னவாசல், இலுப்பூர், புதுக்கோட்டை ஆகிய மூன்றில் எந்தக் கிளையானாலும் போதும். சொந்த விருப்ப மாறுதல் என்பதால் பயணப்படி கோரமாட்டேன். மருத்துவச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். அவ்வளவுதான். ஒரு சொல்லும் மிகையில்லை, கெஞ்சலும் இல்லை.

மனு என் வழியாகத்தான் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேலாளர் எழுதும் குறிப்பைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். நான் எழுதியது ஒரே வரி: “பரிந்துரைக்கப்படுகிறது, மாற்று ஆள் பணியில் சேர்ந்த பிறகே விடுவிக்க இயலும்.” படிக்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த ஊருக்கு மாற்று ஆள் வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அப்படி ஒரு குறிப்பு இருந்தால் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

உறையை ஒட்டியே கொடுத்தேன். தபால் பதிவேட்டில் அதைப் பதிந்தவர் அவரேதான். “பலமா எழுதியிருக்கேன் தம்பி, கவலைப்படாதீங்க” என்றேன். “ரொம்ப நன்றி சார்” என்றார்.

மாறுதல் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. மேலிடத்தில் ஆட்கள் பற்றாக்குறை என்று நானே ஆறுதல் சொன்னேன். அவர் நம்பி, கவுண்டருக்குப் போய் உட்கார்ந்தார்.

பட்டியல் வந்த எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாடிக்கையாளர் கூட்டத்துக்கு நடுவில் அவருக்கு போன் வந்தது. அப்பாவைத் தனியாகத் தூக்கப்போய் அம்மா கட்டிலடியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. அவர் கவுண்டரிலிருந்து எழுந்து என் அறைக்கு வந்து, “அவசர லீவு வேணும் சார்” என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே நான் மண்டல அலுவலகத்துக்கு நேரில் போனேன். என் பழைய குறிப்பைத் திரும்பப் பெறுவதாகவும், மாற்று ஆள் இல்லாமலே உடனே விடுவிப்பதாகவும், மனுவின் முந்தைய தேதியை முன்னுரிமைக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி என் இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“இத அப்பவே எழுதியிருந்தா அந்தப் பட்டியல்லயே போட்டிருப்பமே, சார்.”

மூன்று வாரத்தில் இலுப்பூருக்கு ஆணை வந்தது. விடுவிப்புக் கடிதத்தோடு என் முதல் குறிப்பின் நகலையும் அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அம்மாட்ட சொல்லிறாதீங்க சார். நீங்கதான் மாத்தல் வாங்கிக் குடுத்தீங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க.”

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பின் ஒரு ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார். “ஒங்க புண்ணியத்துல எம்புள்ள பக்கத்துல இருக்கான்யா” என்றார். நான் சொல்லிவிட்டேன். மகன் தலை குனிந்து நின்றார்.

“அப்ப அந்த எட்டு மாசமும் அவன் இங்கிட்டு இருந்திருக்கலாம்?”

“ஆமாம்மா.”

அவர் வாக்கரை மெதுவாகத் திருப்பி, கணவர் படுத்திருந்த அறைக்குள் போனார். வெளியே வரவில்லை.

மகன் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். வண்டி வர வெகு நேரமாயிற்று. கடைசியில், “நான் வேணாம்னு சொன்னேன்ல சார்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து வந்ததும் எனக்கு ஜன்னலோர இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவருடைய தந்தை இறந்த செய்தி, இலுப்பூர்க் கிளையில் இருக்கும் வேறொருவர் சொல்லித்தான், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பின் எனக்குத் தெரிந்தது.