பதினோராம் மாதம் நவம்பர் அல்ல

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அரபுக் காகிதங்களைப் பார்க்கும் அக்காவுக்குத் ‘தேதியம்மா’ என்று பெயர் வைத்தது நான்தான். நான் அங்கே தட்டச்சு செய்கிறவள். முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் தேதியம்மா. அது அவருக்கும் தெரியும். “பட்டப்பேர் வச்சது போதும், பக்கத்தைத் திருப்பு” என்பார்.

இளம் வயதில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்து அரபு கற்றவர். கணவர் போன பிறகு இந்த இரண்டாம் மாடி அறையும் ஆடும் நாற்காலியும்தான் அவர் உலகம். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை மறந்துவிடுவார். ஆனால் யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் ஹிஜ்ரி தேதியை, அதாவது இஸ்லாமிய நாட்காட்டித் தேதியை, ஆங்கிலத் தேதியாக மட்டும் அடித்துவிட்டால், அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. “காகிதத்தில என்ன இருக்கோ அதை அப்படியே போடு. பக்கத்தில ஹிஜ்ரின்னு எழுது. கீழே குறிப்புல மட்டும் ஆங்கிலத் தேதி. அது நம்ம கணக்கு, காகிதத்தில இல்லைன்னும் சொல்லு.” இதை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

அன்றாடம் வருவதெல்லாம் கைபேசியில் எடுத்த படங்கள். கோணல், நிழல், மடிப்பு. இலக்கம் தெரியாவிட்டால் ‘தெளிவில்லை’ என்றே எழுதுவார். ஊகித்து எழுதினால் என்ன என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மனுஷிக்கு அவ்வளவு வைராக்கியம்.

ஆகஸ்டு மாதம் ஒரு முற்பகலில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் அரபு நாட்டில் லாரி ஓட்டுகிறவன். பிரேக் பிடிக்காமல் ஒரு ஆள் மேல் ஏற்றிவிட்டான். எட்டு வருஷச் சிறை. தீர்ப்பை எதிர்த்து முறையிட வேண்டும். கூட வந்த மாமனாருக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாமல் கீழே காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அப்பீலுக்கு நவம்பர் அஞ்சு வரைக்கும் டைம் இருக்குக்கா. அதுக்குள்ள இதெல்லாம் மொழிபெயர்த்துக் குடுத்தா போதும்” என்று ஒரு உறையை நீட்டினாள். லாரியில் பிரேக் சரியில்லை என்று அவன் விபத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்ததற்கு ஒர்க்‌ஷாப் கொடுத்த சீட்டு உள்ளே இருந்தது. மாமனார் நான்கு மாதமாக ஊர் ஊராக அலைந்து, அங்கிருந்து திரும்பி வந்த ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வாங்கியது. அவள் முகத்தில் அப்படி ஒரு தெம்பு. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கைபேசியில் தீர்ப்பின் கடைசிப் பக்கம் மட்டும் இருந்தது. அவள் கணவனைச் சிறையில் பார்க்கப் போன நண்பன் கையில் பிடித்து எடுத்தது. இடது பாதியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. அக்கா படத்தைப் பெரிதாக்கினார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். காரணமில்லாமல் அதைப் பார்க்க மாட்டார்.

“நவம்பர்னு யாரும்மா சொன்னது?”

“டிக்கெட் போடுற கடைக்காரர்க்கா. இதில ஆயிரத்து நானூத்தி நாப்பத்தஞ்சு, பதினொன்னு, அஞ்சுன்னு இருக்காம். அந்த நாப்பத்தஞ்சுங்கிறது ரெண்டாயிரத்து இருபத்தி நாலுதான், அதனால நவம்பர் அஞ்சுன்னு எழுதிக் குடுத்தார். ஏழு மாசம் டைம் குடுத்திருக்காங்களே, பெரிய மனசுதான்னு மாமா கூடச் சொன்னார்.”

வருஷத்தை மாற்றியவர் மாதத்தை மாற்றவில்லை. அரைகுறை வைத்தியன் ஆளைக் கொல்வான் என்பது இதுதான். ஹிஜ்ரியின் பதினோராம் மாதம் நவம்பர் இல்லை. அந்த ஆண்டு சந்திரனைப் பின்பற்றி நகர்கிறது. ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் சின்னது. அதனால் எந்த ஹிஜ்ரி மாதமும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அந்த நாட்டு அரசு நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தார் அக்கா. இருமுறை பார்த்தார்.

“மே பதிமூணு” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. “அடுத்த வருஷமாக்கா?”

“போன மே மாசம்மா.”

அவள் சிரித்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்த சிரிப்பு. “இல்லக்கா, நாங்க அலைஞ்சது... இந்தச் சீட்டே போன வாரம்தான் கிடைச்சுது.”

அக்கா பேச்சை நீட்டவில்லை. விரலில்லாமல் இன்னொரு படம் அனுப்பச் சொல்லச் சொன்னார். நமக்கே தவறியிருக்கலாம், ஒரு இலக்கம் வேறாக இருக்கலாம் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நகல் அந்த நண்பனிடமே இருந்ததால் அரை மணி நேரத்தில் வந்தது. விரல் இருந்த இடத்தில் ஹிஜ்ரிக்கான எழுத்து. அதற்கு இடப்பக்கம் ‘இதற்கு இணையான’ என்ற சொல். அதையடுத்து அவர்களே அச்சடித்திருந்த ஆங்கிலத் தேதி. பதிமூன்று, ஐந்து, இரண்டாயிரத்து இருபத்து நான்கு.

அவள் அதைப் படித்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் அக்காவின் விரல் போன வழியில் படித்தாள்.

“அக்கா, நீங்க நவம்பர்னே எழுதிக் குடுங்களேன். கடைக்காரர் எழுதினாரே.”

“நான் எழுதுனா கோர்ட்டு மூலக் காகிதத்தைப் பார்க்காதா? பொய்க் காகிதம் குடுத்தான்னு அவன் மேலே இன்னொரு கேஸ் விழும்மா.” இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் உடைந்தது. எனக்கும் ஒரு கணம், எழுதித் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றியது. தேதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் என்று கோபம்கூட வந்தது. கோபத்துக்கு அவரா கிடைத்தார்?

பிறகு அக்கா, வாழ்நாளில் ஆறுதல் சொல்லி அறியாதவர், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆறுதல் சொல்ல முயன்றார். “எட்டு வருஷம்னு அவங்க எழுதுறது ஹிஜ்ரி கணக்கா இருந்தா, நம்ம கணக்குக்கு ஏறக்குறைய மூணு மாசம் குறையும். முதல் பக்கத்தையும் அனுப்பச் சொல்லு, பார்த்துச் சொல்றேன்.”

“மூணு மாசமா” என்றாள் அவள்.

அப்போது அந்த நண்பனே கூப்பிட்டான். சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள். மே மாதத்தோடு முடிந்துவிட்டதாமே, அங்கே கேட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

“கேட்டாச்சு அண்ணி. ஜூன்லயே கேட்டாச்சு. தீர்ப்பு உறுதியாயிடுச்சு, இனிமே எடுக்க மாட்டோம்னுட்டாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவனுக்குத் தெரியும் அண்ணி. உள்ள இருக்கிற ஒருத்தர் படிச்சுச் சொல்லிட்டாராம். வீட்டுக்குச் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். அப்பா படுக்கையை விட்டு எழுந்து நடமாடுறதே இந்தக் காகிதத்துக்காகத்தான், நடக்கட்டும்னான்.”

அவள் அழவில்லை. போனை அணைத்து, சீட்டை உறைக்குள் வைத்து, உறையின் ஓரத்தை நகத்தால் நீவினாள். “இதை நீங்க மொழிபெயர்த்துத்தான் குடுக்கணும்க்கா. கையில காகிதம் இல்லாம கீழே போக முடியாது.”

அக்கா ஒர்க்‌ஷாப் சீட்டை எடுத்தார். அதில் ஆங்கிலத் தேதி மட்டும்தான், விபத்துக்கு ஒன்பது நாள் முந்தையது. சரியான காகிதம், அசல் சாட்சி. நான் அடித்தேன், அவர் முத்திரை வைத்தார். இவ்வளவு சுத்தமாக ஒரு காகிதத்தை நாங்கள் செய்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

மூவரும் கீழே இறங்கினோம். பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மருமகளை விட்டுவிட்டு, கண்ணாடி போட்ட அக்காவைத்தான் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்காம்மா? தேதி நவம்பர் அஞ்சுதானே?”

தேதியம்மா வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்றவளின் கை அவர் முந்தானையைப் பிடித்தது.

“ஆமாங்க” என்றார் தேதியம்மா. “நவம்பர் அஞ்சு.”

“அப்போ நிறைய நாள் இருக்கு” என்றார் பெரியவர். வக்கீலைத் தேடி நாளைக்கே கிளம்பலாம் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே, வலிக்கிற காலை முன்னால் வைத்து நடந்தார்.