தை அறுவடை, ஐந்து கிலோ

வாலாஜாபாத் கடைத்தெருவில் சிட்டிபாபுவின் மளிகைக் கடையில் ஜனனி பார்க்கும் வேலைக்கு ஒரு பெயர் கிடையாது. கடை கடையாகச் சரக்குப் போட்டுப் போகும் லைன் வண்டியில் வந்து இறங்கும் பொட்டலங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்து, அதில் இருப்பது என்ன என்று நாலு வரி எழுத வேண்டும். சிட்டிபாபு அதைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்புவார். அவர்கள் வீட்டிலிருந்தபடியே ஆர்டர் போடுவார்கள்.

அந்த நாலு வரி அவளுக்குக் கைவந்த விஷயம். முதலில் தரம், அடுத்து எப்படிப் பதப்படுத்தியது, அடுத்து எந்த அறுவடை, கடைசியில் எடை. "குண்டு மிளகாய். முதல் தரம், ஒரே அளவு. காம்போடு வெயிலில் காய்ந்தது. மாசி - பங்குனி அறுவடை. 250 கிராம்." அவ்வளவுதான். ஊரில் எல்லாப் பொட்டலமும் முதல் தரம் என்றே பிறந்து முதல் தரம் என்றே சாகும்போது, இவள் மட்டும் ஒருமுறை கொத்தமல்லி விதைப் பொட்டலத்துக்கு "இரண்டாம் தரம், நிறம் கொஞ்சம் மங்கல், அரைத்துப் பொடியாக்க நல்லது" என்று எழுதினாள். சிட்டிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கொத்தமல்லி சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோயிற்று. அதன்பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை.

இதெல்லாம் காஞ்சிபுரத்தில், அப்பா ரிஷபதாஸின் கடையில் வந்த பழக்கம். தாமல் பக்கத்தில் நிலமும், காஞ்சியில் அரிசி, பருப்பு, மசாலாச் சாமான் பொட்டலம் போடும் கடையும் உள்ள தமிழ்ச் சமண நயினார் குடும்பம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே பொட்டலத்துக்குள் போடும் சீட்டை எழுத உட்கார்ந்தவள் ஜனனி. பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது சீட்டின் அமைப்பைப் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

கல்யாணப் பேச்சு எடுத்த வருஷம், 2022 தையில் அறுத்த கிச்சிலிச் சம்பா நெல்லில் நல்லதாகப் பார்த்துச் சில மூட்டைகளை அப்பா தனியே அடுக்கினார். புது அரிசி பந்தியில் குழைந்து மானத்தை வாங்கிவிடும். ஒரு வருஷமாவது கிடந்த நெல்லைக் குத்தினால்தான் சோறு பொலபொலவென்று உதிரும், பானையும் நிறையும். பெண் வைத்திருக்கும் வீடுகளில் முன்கூட்டியே இப்படி எடுத்து வைப்பதுண்டு. "ஜனனி கல்யாண நெல்லு" என்று அந்த அடுக்குக்கே பெயர் விழுந்துவிட்டது.

ஜனனி கட்டிக்கொண்டது விஷாலை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் தாத்தா ஒரு காலத்தில் இவர்கள் களத்தில் நெல் அடித்தவர். அது ஒன்று போதாதா? ரிஷபதாஸ் கத்தவில்லை, அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. மகள் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். எறும்புக்கும் இடைஞ்சல் செய்யாத மனிதர்தான், பெற்ற மகளிடம் மட்டும் அந்தத் தயவைக் காட்ட மறந்துவிட்டார்.

அப்பா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அம்மா சாந்திமதி போன் செய்வாள். ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகு ஜனனி கேட்பாள்.

"அந்த நெல்லு?"

"அப்படியேதான் இருக்குதுமா. ஒரு மூட்டை தொட விடல. வெயில் வந்தா அவரே ஆள வச்சி காயப்போட்டு, அவரே நின்னு அள்றாரு."

ஜனனி அதைப் பிடித்துக்கொண்டாள். வேறு பிடிப்பு அவளுக்கு இல்லை. நெல்லை வைத்திருக்கிறார் என்றால் எனக்காக வைத்திருக்கிறார், என்றைக்காவது கூப்பிடுவார். விஷாலிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்றல்ல, சிரிக்காமல் பாவமாகப் பார்ப்பான் என்று.

இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் தாய்வீட்டுச் சோறு வர வேண்டும். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமுமாகப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து பெண்ணின் மடியை நிறைக்க வேண்டும். மாமியார் பட்டம்மாள் நாள் குறித்துவிட்டு, "உங்கம்மா வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லுமா, வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்" என்றாள். ஜனனி அம்மாவிடம் சொன்னாள். அடுத்த வாரம் போனில் அம்மாவின் குரலே வேறாக இருந்தது.

"ஜனனி, அந்த மூட்டைங்க எல்லாம் மில்லுக்குப் போவுதுமா. இன்னிக்குக் காலைல வண்டி வச்சி ஏத்தினாரு. ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. உன் விசேஷத்த அவர் காதுல போட்டுட்டேன், அதுக்கப்புறம்தான்."

அன்று முழுவதும் ஜனனி கடையில் எழுதிய எதுவும் ஒழுங்காக வரவில்லை. கடுகுக்கு வெந்தயத்தின் எடையைப் போட்டாள். சிட்டிபாபு, "ஏம்மா, புள்ள உள்ள உதைக்குதா" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எந்தப் புடவை கட்டுவது, அப்பா வாசலில் நிற்பாரா உள்ளே வருவாரா, காலில் விழ வயிறு இடம் கொடுக்குமா என்று யோசித்தாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு நெடுநாளாகக் கிடைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து லைன் வண்டி வந்தது. பருப்புச் சிப்பங்களோடு அரிசிப் பைகளும் இறங்கின. சிட்டிபாபு ஒரு பையைத் தூக்கி அவள் மேஜைமேல் வைத்தார்.

"காஞ்சிபுரம் சரக்கும்மா. நல்லா எழுது. ஒரே லாட்டுதான், இனிமே வராதுன்னு வண்டிக்காரன் சொல்றான்."

சீட்டு கண்ணாடிப் பைக்குள் தெரிந்தது. எழுத்தின் அமைப்பு அவள் போட்டுக் கொடுத்தது. தரம், பதம், அறுவடை, எடை. அவள் வீட்டைவிட்டு வந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

"கிச்சிலிச் சம்பா பச்சரிசி. முதல் தரம், குருணை சலித்தது. நெல்லாக இருப்பு வைத்து இந்த மாதம் அரைத்தது, ஒரு முறை மட்டும் தீட்டியது. 2022 தை அறுவடை. விசேஷப் பந்திகளுக்கு ஏற்றது. நிகர எடை 5 கிலோ."

அந்தத் தை நெல் அவ்வளவு பழையதாய்க் காஞ்சியில் வேறு யாரிடமும் கிடையாது. அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுவடை வருஷம் தப்பாக அச்சாகியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். பையின் ஓரத்தைப் பிரித்து நாலு அரிசியை வாயில் போட்டாள். புது அரிசி பல்லில் மாவாக ஒட்டும். இது கடுக்கென்று உடைந்தது.

"எழுதலியாம்மா?" என்றார் சிட்டிபாபு.

"எழுதறேண்ணா."

எழுதினாள். தரம் எழுதினாள், பதம் எழுதினாள். "விசேஷப் பந்திகளுக்கு ஏற்றது" என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். விட்டுவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் அது உண்மை. அதனால் அதையும் எழுதினாள்.

பின்பக்கம் போய் அம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்தவுடன் அம்மா அழுதாள்.

"நான்தாம்மா தப்பா நினைச்சிட்டேன். மில்லுலேருந்து வந்ததும் பை போடச் சொல்லிட்டாரு. இவ்ளோ நாளு வச்சீங்களேன்னு கேட்டேன். 'அவ திரும்பி வந்துடுவான்னு வச்சிருந்தேன். இனிமே புள்ளையும் வந்துடும், எங்க வரப்போறா'ன்னாரு."

அதுவரை ஜனனிக்கு அழுகை வரவில்லை. இருவரும் ஒரே நெல்லைத்தான் நம்பிக் காத்திருந்தார்கள். அவள் அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். அவரோ அவள் விஷாலை விட்டுவிட்டு வருவாள் என்று காத்திருந்திருக்கிறார். அவளுடைய வயிறு பெரிதாகிற செய்தி கேட்டதும் அவர் காத்திருப்பதை நிறுத்திவிட்டார். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தம் வெளியே கேட்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த அரிசியில் மூன்று பை வாங்கிக்கொண்டாள்.

வளைகாப்பு வாடகை வீட்டு மாடியில் நடந்தது. பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா, அண்டை வீட்டார் மூலம் வளையல் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். சாதமெல்லாம் பட்டம்மாளே கிளறினாள். புளியோதரை பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. வந்தவர்கள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். விஷால் ஒரு உருண்டை பிடித்து அவள் கையில் வைத்தான். பிள்ளைக்காக அவள் அதை விழுங்கினாள்.

பக்கத்து வீட்டுக் கமலாட்சி இலையை வழித்துக்கொண்டே, "அரிசி சூப்பரா இருக்குதே, உங்கம்மா வூட்டு நெல்லாமா?" என்று கேட்டாள்.

ஜனனி வளையல் அடுக்கிய கையால் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இல்லக்கா," என்றாள். "கடையில வாங்கினது."